“அல்லாதது எது?”, “மேற்கூறிய யாவும்”: உணவுப் பாதுகாப்புத் தாளில் வழுக்கிவிழும் இரண்டு இடங்கள்

கேள்வி: “மாங்குளத்தில் ஒரு கன்ரீனில் சமைக்கிறேன். வெளிநாட்டு வேலைக்காக உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ்ப் பரீட்சை எழுதினேன், இரண்டு புள்ளியால் போய்விட்டது. பாடம் தெரியும். ‘பின்வருவனவற்றுள் அல்லாதது எது’, ‘மேற்கூறிய யாவும்’ என்று வரும் கேள்விகளில்தான் தடுமாறுகிறேன். இதற்கு வழி இருக்கிறதா, இல்லை எனக்குப் பாடமே சரியாகத் தெரியவில்லையா?”

இரண்டுமே இருக்கலாம், தம்பி. எது எவ்வளவு என்று நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். நான் கிளிநொச்சியில் பல வருடமாக இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறேன், அதற்கு முன் வளைகுடாவில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தேன். பயிற்சித் தாள்களை நானே எழுதுவதால் இந்த இரண்டு வகைக் கேள்விகளையும் எழுதுபவனின் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் தெரியும். நீங்கள் எழுதிய குறிப்பிட்ட தாளை நான் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஒரு கேள்வியைப் பார்ப்போம். “உறைந்த கோழியை உருகவைக்க ஏற்றதல்லாத முறை எது?” அ) 5 பாகை செல்சியஸில் அல்லது அதற்குக் கீழே குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல். ஆ) 21 பாகையைத் தாண்டாத ஓடும் குடிநீரில் பிடித்தல். இ) மைக்ரோவேவில் உருகவைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் சமைத்தல். ஈ) உறைந்தபடியே அடுப்பில் போட்டுச் சமையலோடு சேர்த்து உருகவைத்தல்.

வகுப்பில் இதைக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் சிலர் ‘அ’ என்று போடுகிறார்கள். எழுந்து விளக்கம் சொல்லச் சொன்னால், “சேர், பிரிஜ்ஜில் வைத்து உருகவைப்பதுதானே சரியான முறை” என்பார்கள். அவர்கள் சொல்வது முழுக்கச் சரி, விடைதான் பிழை. கேள்வியை வாசிக்கும்போது ‘அல்லாத’ கண்ணில் பட்டிருக்கிறது. ஆனால் முதல் தெரிவில் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு உண்மையைக் கண்டதும், மனம் “இது எனக்குத் தெரியும்” என்று சந்தோஷப்பட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. பாடம் நன்றாகத் தெரிந்தவர்தான் இதில் கூடுதலாக விழுவார். நானும் தாள் எழுதும்போது எல்லோருக்கும் தெரிந்த நல்ல பழக்கத்தை முதல் தெரிவாக வைத்திருக்கிறேன். கெட்ட எண்ணத்தில் இல்லை, முதலில் ஞாபகத்துக்கு வருவது அதுதான். மற்றவர்களும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்.

எதிர்மறை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது மொழிக்கு மொழி மாறும். தமிழ்த் தாளில் அது பெரும்பாலும் தனிச் சொல்லாக வருவதில்லை, இன்னொரு சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். பொருத்தமற்றது, பாதுகாப்பற்ற, ஏற்புடையதன்று, அடங்காதது. வேகமாக வாசிக்கிற கண் ‘பொருத்த’ என்ற முன்பாதியைப் பிடித்துக்கொண்டு ‘மற்றது’ என்பதை விட்டுவிடும். ஆங்கிலத் தாளில் ‘எக்ஸெப்ட்’ என்ற சொல் வாக்கியத்தின் கடைசியில், பெரிய எழுத்தில் நிற்கும். ஆனால் அதற்கு முன்னால் ‘பின்வருவன யாவும் ஏற்ற முறைகள்’ என்ற முழு வாக்கியமே முடிந்துவிட்டதால், ஆங்கிலத்தை மனதில் தமிழாக்கிக்கொண்டே வாசிக்கிறவர்கள் அதிலேயே திருப்திப்பட்டுத் தெரிவுகளுக்குப் போய்விடுகிறார்கள். ‘லீஸ்ட்’ என்று வந்தால் அதுவும் இதே குடும்பம்தான். ‘குறைந்தளவு பொருத்தமானது’ என்றால் நான்கும் ஓரளவு சரியாக இருந்து, அவற்றில் ஆகக் கடைசியானதைக் கேட்கிறார்கள் என்றும் வரலாம்.

சரி, என்ன செய்வது? கேள்வியை அதன் வடிவத்திலேயே வைத்துக்கொண்டு விடை தேடாதீர்கள். ‘அல்லாத’ என்ற சொல்லைக் கண்டவுடன் அதைக் கொஞ்ச நேரத்துக்குத் தூக்கி ஒரு பக்கம் வையுங்கள். மிச்சம் இருப்பது ‘உருகவைக்க ஏற்ற முறை’. இப்போது ஒவ்வொரு தெரிவையும் தனித்தனியாக எடுத்து, இது ஏற்ற முறையா என்று மட்டும் கேளுங்கள். அ சரி. ஆ சரி. ஈ சரி. இ பிழை. நான்குக்கும் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ஒதுக்கிவைத்த ‘அல்லாத’வைத் திரும்ப எடுத்து, தனித்து நிற்பதைத் தெரிவுசெய்யவேண்டும். தாளில் எழுதுவதென்றால் ஓரத்தில் ‘ச’, ‘பி’ என்று போடலாம். கணினியில் எழுதுவதென்றால், சில இடங்களில் வெற்றுத்தாள்கூட வைத்திருக்க விடமாட்டார்கள். அதற்கு நான் விரலைப் பாவிக்கச் சொல்வேன். இடக்கையின் நான்கு விரல்கள் நான்கு தெரிவுகள். சரியென்று பட்டதை மடக்குங்கள். மூன்று மடங்கி ஒன்று நிமிர்ந்து நின்றால் அதுதான் விடை. இரண்டு நிமிர்ந்து நின்றால் ஒன்றைத் தப்பாக வாசித்திருக்கிறீர்கள், திரும்பப் பாருங்கள். சிறுபிள்ளை விளையாட்டு மாதிரித் தெரியும், ஆனால் நான்கையும் வாசிக்காமல் விடையைத் தொடவிடாது, நமக்கு வேண்டியது அதுதான்.

மேலே ‘இ’ ஏன் பிழை என்பதையும் கவனியுங்கள். மைக்ரோவேவில் உருகவைப்பது தன்னளவில் அனுமதிக்கப்பட்ட முறைதான். ஆனால் உருகியவுடன் சமைக்கவேண்டும், ஏனென்றால் மைக்ரோவேவ் இறைச்சியின் சில இடங்களைச் சூடாக்கிவிட்டே மற்ற இடங்களை உருக்கும், அந்தச் சூடேறிய இடங்களில் கிருமி பெருகத் தொடங்கலாம். ‘மறுநாள்’ என்ற சொல்தான் அந்தத் தெரிவைக் கெடுக்கிறது. எதிர்மறைக் கேள்வியின் விடை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: முன்பாதி சரி, பின்பாதி பிழை. முழுக்க முட்டாள்தனமான தெரிவை வைத்தால் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்களே. ஆகவே ஒரு தெரிவில் இரண்டு செய்தி இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்லுங்கள். “கையுறை போடும் முன் கை கழுவவேண்டும், கையுறை மாற்றும்போது கழுவத் தேவையில்லை” என்பதும் அதே அச்சில் வார்த்ததுதான்.

இனி, உங்களுக்குப் பாடம் தெரியுமா தெரியாதா என்ற பக்கத்துக்கு வருவோம். நேரான கேள்வி ஒன்றுக்கு விடை சொல்ல ஒரேயொரு விடயம் தெரிந்தால் போதும். சரியான தெரிவைக் கண்டால் மற்ற மூன்றைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே புள்ளி எடுத்துவிடலாம். ‘அல்லாதது எது’ என்ற கேள்வி அப்படி விடாது. பிழையானது எது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்கவேண்டும், அல்லது மற்ற மூன்றும் சரியென்று தெரிந்திருக்கவேண்டும். அதனால் நேரான கேள்விகளில் ஒளிந்துகிடந்த அரைகுறை அறிவு இங்கே வெளியே வந்துவிடும். “எனக்குப் பாடம் தெரியும், இந்த வகைக் கேள்விதான் வராது” என்று சொல்கிறவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் நடப்பது இது.

சோற்றைப் பற்றிய ஒரு கேள்வியில் இதைக் காட்டலாம். “சமைத்த சோறும் பசிலஸ் செரியஸ் பற்றீரியாவும் பற்றிய பின்வரும் கூற்றுகளில் தவறானது எது?” அ) இதன் வித்துகள் சோறு வேகும் வெப்பத்தைத் தாங்கிப் பிழைக்கும். ஆ) சமைத்த சோற்றை அறை வெப்பநிலையில் நெடுநேரம் வைத்தால் வித்துகள் முளைத்துப் பெருகும். இ) நன்றாக மீளச் சூடாக்கினால் வாந்தியை உண்டாக்கும் நச்சு அழிந்துவிடும். ஈ) பரிமாறும்வரை சோற்றைச் சூடாகவே வைத்திருந்தால் பெருக்கத்தைத் தடுக்கலாம்.

விடை ‘இ’. அந்த நச்சு வெப்பத்தைத் தாங்குவது, அடுப்பில் திரும்பச் சூடாக்குவது அதை ஒன்றும் செய்யாது. இதில் தவறுபவர்கள் இரண்டு வகை. ஒருவர் ‘அ’ என்று போடுவார், கொதிக்கிற தண்ணீரில் எந்தக் கிருமியும் மிஞ்சாது என்று நம்புவதால். இவருக்கு வாசிப்பில் பிரச்சினை இல்லை, வித்து என்றால் என்ன என்ற இடத்தில் பாடம் விட்டுப்போயிருக்கிறது. மற்றவர் ‘ஆ’ என்று போடுவார், கேட்டால் “சோற்றை வெளியே வைக்கக்கூடாது சேர், அது தவறுதானே” என்பார். இவருக்குப் பாடம் தெரியும். செய்கை தவறானது என்பதையும் கூற்றுத் தவறானது என்பதையும் குழப்பிவிட்டார். சோற்றை வெளியே வைப்பது தவறான செய்கை, ஆனால் ‘வைத்தால் பெருகும்’ என்பது சரியான கூற்று. கேட்டது கூற்றை. (ஒரு பையன் இந்த இடத்தில் பழஞ்சோற்றைப் பற்றி என்னோடு அரைமணி நேரம் வாதாடினான். அவனுடைய அம்மம்மா தொண்ணூறு வயதுவரை பழஞ்சோறு சாப்பிட்டவராம். தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைப்பது வேறு கதை, தாள் அதைக் கேட்கவில்லை என்று சொல்லித் தப்பித்தேன்.)

உங்களைச் சோதித்துப் பார்க்கும் வழி இதுதான். பிழைவிட்ட எதிர்மறைக் கேள்வி ஒன்றை எடுத்து, கேள்வி வரியைக் கையால் மறைத்துவிட்டு, நான்கு தெரிவுகளையும் தனித்தனிக் கூற்றாக வாசித்துச் சரி, பிழை போடுங்கள். நான்கும் சரியாக வந்தால் உங்களுக்குப் பாடம் தெரியும், வாசிப்புத்தான் காலை வாரியது. ஏதாவது ஒன்றில் தடுமாறினால் அந்த ஒன்றுதான் நீங்கள் திரும்பப் படிக்கவேண்டிய இடம். உருகவைப்பது போன்ற கேள்விகளில் கேள்வி வரி இல்லாமல் கூற்று நிற்காது, அங்கே ‘அல்லாத’வை மட்டும் மறைத்தால் போதும். இருபது கேள்விக்கு இப்படிச் செய்தால் எது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

‘கூடாத’ என்று வரும் கேள்விகளை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். “உணவு கையாள்பவர் வேலைக்கு வரக்கூடாத நிலை எது?” என்று கேட்டால் அதில் புரட்டுவதற்கு ஒன்றும் இல்லை. வாந்தி இருந்தால் வரக்கூடாது, அவ்வளவுதான். எதிர்மறையான ஒரு விடயத்தை நேராகக் கேட்கிறார்கள். புரட்டவேண்டியது விதிவிலக்கைக் கேட்கும்போது மட்டும். “வேலைக்கு வரக்கூடாத நிலை அல்லாதது எது?” என்று இரண்டும் சேர்ந்து வந்தால், ‘அல்லாதது’ என்பதை மட்டும் ஒதுக்கிவிட்டு ‘வரக்கூடாத நிலையா’ என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். ‘கூடாத’ அதன் இடத்திலேயே இருக்கட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கினால் தலை சுற்றும்.

‘மேற்கூறிய யாவும்’ இதைவிட இலகுவானது, சில இடங்களில் அது உங்களுக்கு உதவியும் செய்யும். ஒரே ஒரு விடைதான் தெரிவுசெய்யலாம் என்ற தாளில் இரண்டு பிடி இருக்கின்றன. மூன்று தெரிவுகளில் இரண்டு சரியென்று உறுதியாகத் தெரிந்தால், மூன்றாவதைப் பற்றித் தெரியாவிட்டாலும் விடை ‘யாவும்’தான், ஏனென்றால் சரியான இரண்டில் ஒன்றை மட்டும் எடுக்க முடியாது. மறுபக்கம், ஒன்று பிழையென்று உறுதியாகத் தெரிந்தால் அதோடு சேர்ந்து ‘யாவும்’ என்பதும் போய்விடுகிறது. மிஞ்சுவது இரண்டு தெரிவு.

அந்த வரக்கூடாத நிலைக் கேள்வியையே எடுங்கள். அ) வாந்தி. ஆ) வயிற்றோட்டம். இ) மஞ்சட்காமாலை. ஈ) மேற்கூறிய யாவும். வாந்தியும் வயிற்றோட்டமும் எல்லோருக்கும் தெரியும். மஞ்சட்காமாலையைப் படிக்காமல் விட்டவருக்கும் ‘ஈ’ கிடைத்துவிடும். (அது ஏன் பட்டியலில் இருக்கிறது என்றால், ஹெப்படைடிஸ் ஏ வைரஸ் உணவு வழியாகப் பரவும், கண் மஞ்சளாவது அதன் அடையாளமாக இருக்கலாம்.) இங்கே விழுபவர் ‘அ’வை வாசித்ததும் சரியென்று அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர். உருகவைக்கும் கேள்வியில் விழுந்த அதே ஆள்தான்.

மறுபக்கத்துக்கு இது: “ஒரு கிடாரம் கோழிக்கறியைக் குளிரவைக்கும் சரியான முறை எது?” அ) கிடாரத்தை மூடி, ஆறும்வரை மேசையில் விடுதல். ஆ) ஆழம் குறைந்த தட்டுகளில் பிரித்து, ஐஸ் தண்ணீரில் இருத்திக் கிளறுதல். இ) கொதிக்கிற கிடாரத்தை அப்படியே குளிர்சாதனப் பெட்டிக்குள் தூக்கிவைத்தல். ஈ) மேற்கூறிய யாவும். கல்யாண வீட்டில் சமைத்தவருக்குத் தெரியும், முப்பது லீற்றர்க் கிடாரத்தின் நடுப்பகுதி விடியும்வரை சூடாக இருக்கும். ஆகவே ‘அ’ பிழை. அந்த நொடியே ‘ஈ’யும் விழுந்துவிட்டது. ‘இ’யைப் பற்றிச் சந்தேகமிருந்தாலும் இப்போது இரண்டில் ஒன்றுதான். அமெரிக்க விதிமுறையில் படித்தவருக்கு 57 பாகையிலிருந்து 21 பாகைக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள்ளும், அங்கிருந்து 5 பாகைக்கு மேலும் நான்கு மணித்தியாலத்துக்குள்ளும் இறங்கவேண்டும் என்ற கணக்குத் தெரிந்திருக்கும். முழுக் கிடாரம் அந்தக் கணக்குக்குள் அடங்காது.

இந்த இரண்டு பிடியும் கேள்வி ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால்தான் வேலைசெய்யும். அதற்கு என்னுடைய பிழையையே சொல்கிறேன். ஒரு வருடம் பயிற்சித் தாளில் இப்படி எழுதினேன். “சூரை மீனில் உண்டாகும் ஹிஸ்டமின் பற்றிச் சரியானது எது?” அ) பிடித்த மீனை உடனே ஐஸில் வைக்காவிட்டால் உண்டாகலாம். ஆ) பொரித்தாலும் அழியாது. இ) மணத்தைக் கொண்டு எப்போதும் கண்டுபிடிக்கலாம். ஈ) மேற்கூறிய யாவும். என் விடைப் பட்டியலில் ‘ஆ’ என்று குறித்திருந்தேன். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த ஒரு பிள்ளை எழும்பி, “சேர், நீங்கள் சொல்லித்தந்தபடி பார்த்தால் அ, ஆ இரண்டும் சரி, அப்போ ஈ. ஆனால் இ பிழை. அப்போ ஈயும் பிழை. எதைப் போடுறது?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்கு விடையில்லை. இரண்டு சரியும் ஒரு பிழையும் வைத்து ‘யாவும்’ என்று முடித்தால் அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. பிறகு ‘இ’யை “மணத்தில் வித்தியாசம் தெரியாமலும் இருக்கலாம்” என்று மாற்றினேன், ‘ஈ’ சரியாகிவிட்டது.

பெரிய சான்றிதழ்ப் பரீட்சைகளில் இப்படியான கேள்வி அபூர்வம், அங்கே தாளுக்குப் போகும் முன் பலர் பார்ப்பார்கள். உள்ளூரில் ஒரு பயிற்சி நிலையமோ, வேலைக்கு ஆள் எடுக்கிற நிறுவனமோ தானே தயாரித்த தாளில் வரலாம். வந்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். பிழை என்று உறுதியாகத் தெரிந்ததையும் அதனால் விழுகிற ‘யாவும்’ என்பதையும் விட்டுவிட்டு, மிச்சம் இரண்டில் பாடத்தில் அழுத்திச் சொன்ன ஒன்றைப் போட்டுவிட்டுப் போங்கள். எழுதியவர் எதை நினைத்தார் என்று ஊகிப்பதுதான் அது, நிச்சயமில்லை. ‘பொருந்துபவை எல்லாவற்றையும் தெரிவுசெய்க’ என்ற வகைக் கேள்வியில் இந்த இரண்டு பிடியும் செல்லாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். அங்கே ஒவ்வொரு தெரிவும் தனிக் கேள்வி.

எதிர்மறையும் ‘யாவும்’ என்பதும் ஒரே கேள்வியில் வந்தால்? “பின்வருவனவற்றுள் தவறான கூற்று எது?” என்று கேட்டு, நான்காவதாக ‘மேற்கூறிய யாவும்’ என்று வைத்தால், ‘யாவும்’ என்பதன் பொருள் ‘மூன்றும் தவறு’. இப்போது நீங்கள் தேடுவது பிழைகளை. இரண்டு பிழை கண்டால் ‘யாவும்’. ஒரு சரி கண்டாலே ‘யாவும்’ போய்விட்டது. விரல் முறையில் சொன்னால், மூன்று விரலில் ஒன்று மடங்கினாலும் நான்காவது விரலையும் சேர்த்து மடக்கிவிடுங்கள். இந்த வகையை எழுதுவதை நான் விட்டுவிட்டேன். உணவைப் பற்றி ஒன்றும் அளக்காமல் பொறுமையை அளக்கிற கேள்வி அது.

வெப்பநிலை வரும் எதிர்மறைக் கேள்விகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, வன்னியிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு எழுதுகிறவர்களை இது நிறையப் பாதிக்கிறது. கிருமி வேகமாகப் பெருகும் ஆபத்து வலயம் எல்லா நூலிலும் ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து முக்கிய வழிகாட்டல்களில் 5 முதல் 60 பாகை. அமெரிக்க விதிமுறையில் 5 முதல் 57 பாகை, அவர்கள் பாரன்ஹைட்டில் 41, 135 என்று எழுதுவார்கள். பிரித்தானியப் பாடங்களில் சூடான உணவை 63 பாகைக்கு மேல் வைக்கச் சொல்வார்கள். இங்கே பிள்ளைகள் யூடியூப்பில் ஒன்று, தெரிந்தவரின் போட்டோக்கொப்பிக் குறிப்பில் ஒன்று என்று மூன்றையும் கலந்து படித்துவிட்டு வருகிறார்கள். நேரான கேள்வியில் இது பெரிதாக உதைக்காது. “ஆபத்து வலயத்துக்குள் அடங்காத வெப்பநிலை எது? 10, 37, 58, 65” என்று வந்தால் உதைக்கும். அமெரிக்கக் கணக்கில் 58ஐயும் 65ஐயும் வெளியே என்று சொல்லி இரண்டு விரல் நிமிர்ந்து நிற்கும். அப்படியான இடத்தில், எந்த நூலின்படி பார்த்தாலும் வெளியே நிற்பதை எடுங்கள், இங்கே அது 65. ஆனால் இது கை கொடுக்கும் ஒரு தந்திரம் மட்டுமே. உங்கள் பரீட்சை எந்த நாட்டு விதியில் நடக்கிறது என்று கேட்டறிந்து, அந்த ஒரு நூலின் எண்களை மட்டும் மனதில் வைத்திருப்பதுதான் சரியான வழி. இங்கே கன்ரீனுக்கு வருகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்ன எண் வேறாக இருந்தால் அதைக் குசினியில் கடைப்பிடியுங்கள், தாளில் தாளின் எண்ணைப் போடுங்கள்.

நான் அவ்வளவாக நம்பாத சில ஆலோசனைகளும் உலாவுகின்றன. “யாவும் என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடு” என்பது ஒன்று. கவனமில்லாமல் எழுதிய தாள்களில் இது பலிக்கக்கூடும். மூன்று நல்ல பிழைத் தெரிவு எழுதப் பஞ்சிப்பட்டவர்தான் ‘யாவும்’ போடுவார், நானும் போட்டிருக்கிறேன். கவனமாக எழுதுகிறவர் அதைப் பிழையான தெரிவாகவும் கலந்து வைப்பார், மேலே கிடாரக் கேள்வியில் பார்த்தீர்கள். ஒன்றுமே தெரியாத கேள்வியில் ஊகமாகப் போடலாம், தெரிந்த கேள்வியில் அதை நம்பி அறிவை விடாதீர்கள். “‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்று வரும் தெரிவு பிழை” என்பது இன்னொன்று. ஹிஸ்டமின் கேள்வியில் அது பலித்தது. ஆனால் உணவுப் பாதுகாப்பில் உண்மையிலேயே விதிவிலக்கில்லாத விதிகள் இருக்கின்றன. “சுத்திகரிப்பு இரசாயனங்களை ஒருபோதும் உணவுக்கு மேலே உள்ள தட்டில் வைக்கக்கூடாது” என்பது சரியான கூற்று, ‘தவறானது எது’ என்ற கேள்வியில் அதைத் தெரிவுசெய்தால் புள்ளி போய்விடும்.

இரண்டு புள்ளிதான் தவறியது என்பதால், எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கத் தேவையிருக்காது என்று நினைக்கிறேன். பெறுபேற்றோடு எந்தப் பகுதியில் எத்தனை பிழை என்று ஒரு விபரம் தந்திருந்தால் அதைத் தேடி எடுங்கள். பிழைகள் பல பகுதிகளிலும் சிதறியிருந்தால் வாசிப்புத்தான் காரணமாக இருக்கக்கூடும். குளிரவைத்தல், ஒவ்வாமை என்று ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அந்தப் பாடத்தைப் பார்க்கவேண்டும். கேள்வியை மறைத்துச் சரி, பிழை போடும் சோதனையையும் செய்துவிட்டு, தடுமாறிய கூற்றுகளை மட்டும் இங்கே எழுதுங்கள். எந்த நாட்டு விதியில் எழுதினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் எண்கள் உள்ள கூற்றுகளுக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியும்.